துக்க வீட்டுக்கு நடுவே விமான டிக்கெட்: பணத்தைத் திரும்பக் கேட்கும் கடிதத்தை எப்படி எழுதணும்?

திருவேங்கடத்தில் பிறந்து, கல்யாணமாகி பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஜூன் 14-ம் தேதி காலை பெங்களூரிலிருந்து டெல்லி போக, அவருக்கும் கணவருக்கும் ரெண்டு டிக்கெட் போட்டிருக்கிறார். ஆஃபர் விலையில் கிடைத்த டிக்கெட். ஜூன் 11 ராத்திரி ஊரிலிருந்து போன். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த அப்பா தவறிட்டார். கையில் கிடைத்த துணியை எடுத்துக்கொண்டு கிளம்பி, மறுநாள் விடியும்போது ஊரில் இறங்குகிறார்கள்.

அந்த நேரத்தில் டெல்லி டிக்கெட் யாருக்கு ஞாபகம் வரும்? காரியம் எல்லாம் முடிந்து, ஒரு வாரம் கழித்து போனைப் பார்க்கும்போதுதான், 14,200 ரூபாய் அப்படியே போயிருப்பது தெரியும். “சாவுக்குன்னு சொன்னா முழுசா திருப்பித் தருவாங்கல்ல?” என்று சிலர் கேட்பார்கள். “ஆஃபர் டிக்கெட்டுக்கு ஒரு பைசா வராது” என்பார்கள் வேறு சிலர். ரெண்டுமே பாதி உண்மைதான்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதி உங்கள் உரிமை. மீதியை நிறுவனம் மனது வைத்தால்தான் தர முடியும். இந்த ரெண்டையும் ஒன்றாகக் கலந்து, “எங்கள் வீட்டில் துக்கம், தயவுசெய்து பணத்தைத் திருப்பித் தாருங்கள்” என்று எழுதும்போதுதான் முழுக் கடிதத்துக்கும் ஒரே வரியில் ‘முடியாது’ என்று பதில் வந்துவிடுகிறது. ரெண்டையும் தனித்தனியாகக் கேட்கும் கடிதத்தை எப்படி எழுதுவது, கூட என்னென்ன இணைப்பது... இந்தப் பெண்ணின் டிக்கெட்டை வைத்தே பார்க்கலாம்.

முதலில் கேன்சல், அப்புறம் கடிதம்

கடிதத்துக்கு அவசரமில்லை, கேன்சல் செய்வதற்கு அவசரம் இருக்கிறது. விமானம் கிளம்பும்வரை ஒன்றும் செய்யாமல் விட்டால், நீங்கள் ‘நோ ஷோ’, அதாவது டிக்கெட் இருந்தும் வராதவர். பெரும்பாலான நிறுவனங்களில் நோ ஷோ ஆகிவிட்டால் கட்டணத்தைப் பற்றிப் பேசவே இடம் இருக்காது. கிளம்பும் நேரத்துக்குச் சில மணி நேரம் முன்புவரைதான் கேன்சல் செய்ய விடுவார்கள். எத்தனை மணி நேரம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; உங்கள் டிக்கெட்டிலேயே போட்டிருக்கும்.

நீங்கள் துக்கத்தில் இருந்தால், பி.என்.ஆர் எண்ணை ஒரு நண்பருக்கோ தம்பிக்கோ அனுப்பி, “இதை மட்டும் பார்த்துக்கோ” என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் கேன்சல் செய்வதற்கு முன் அவர் ஒரு முறை வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டு, விஷயத்தைச் சொல்லிக் கேட்கட்டும். சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே அபராதம் இல்லாமல் தேதி மாற்றித் தர முன்வருவதுண்டு. லைன் கிடைக்கவில்லையா? காத்திருக்க வேண்டாம். நேரம் முடிவதற்குள் ஆப்பில் கேன்சல் பண்ணிவிட்டு, அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு கேன்சல் செய்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

நம் உதாரணத்தில், ஜூன் 12 மதியம் கணவரின் நண்பர் கேன்சல் செய்துவிட்டார். ‘திரும்பக் கிடைக்கும் தொகை: 0’ என்று ஆப் காட்டியது. இங்கேதான் பலர் மனம் விட்டுப்போய் நிறுத்திவிடுகிறார்கள்.

பூஜ்யம் என்று காட்டினாலும் பூஜ்யம் இல்லை

மெயிலில் வந்த டிக்கெட்டைத் திறந்து, கட்டண விவரம் இருக்கும் பகுதிக்குப் போங்கள். ஒரே தொகையாகத் தெரிந்த பணம் அங்கே துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். நம் உதாரண டிக்கெட்டில் ஒரு ஆளுக்கு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

அடிப்படைக் கட்டணம் 5,200 ரூபாய்
எரிபொருள் கட்டணம் 600 ரூபாய்
ஜி.எஸ்.டி 290 ரூபாய்
விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணமும் பாதுகாப்புக் கட்டணமும் சேர்த்து 710 ரூபாய்

மொத்தம் 6,800. ரெண்டு பேருக்கு 13,600. இதற்கு மேல், புக்கிங் தளம் வாங்கிய சேவைக் கட்டணம் 600. ஆக, கார்டிலிருந்து போனது 14,200.

இதில் கடைசி வரி, அந்த 710 ரூபாய், நிறுவனத்தின் பணமே கிடையாது. விமான நிலையத்தைப் பயன்படுத்துகிறவரிடம் வாங்கி, உரிய இடத்தில் கட்டுவதற்காக நிறுவனம் வசூலிக்கும் தொகை அது. நீங்கள் விமான நிலையத்துக்கே போகவில்லை என்றால் அதை வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு வேலை இல்லை. இந்திய விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ, டிக்கெட் பணத்தைத் திரும்பத் தருவது பற்றி 2008-ல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. 2016-ம் ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம் அதை இன்னும் தெளிவாக்கியது. பயணி பயணம் செய்யாவிட்டாலும், நோ ஷோ ஆனாலும்கூட, சட்டப்படியான வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும். அடிப்படைக் கட்டணம் திரும்ப வராத ஆஃபர் டிக்கெட்டுகளுக்கும் இது பொருந்தும்.

அதே விதியில் இன்னும் மூன்று விஷயங்கள் நமக்கு உதவும். ஒன்று, கேன்சல் அபராதம் எந்த நிலையிலும் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. நம் உதாரணத்தில் ஆளுக்கு 5,800-க்கு மேல் பிடிக்க முடியாது. ரெண்டு, பணத்தைத் திருப்பித் தருவதற்கென்று தனியாகக் கட்டணம் வாங்கக் கூடாது. மூன்று, பணத்துக்குப் பதிலாக ‘கிரெடிட் ஷெல்’ என்கிற எதிர்காலப் பயண வரவை எடுத்துக்கொள்வதா, பணமாகவே வாங்குவதா என்பது பயணியின் விருப்பம். நிறுவனம் தானாக வரவில் போட்டுவிட்டு ‘முடிந்தது’ என்று சொல்ல முடியாது.

அப்போ, துக்கத்துக்காக முழுப் பணம்? இந்த 2016 திருத்தம் வரிகளுக்கும் கட்டணங்களுக்கும் பாதுகாப்பு தந்ததே தவிர, குடும்பத்தில் ஒருவர் இறந்தால் அடிப்படைக் கட்டணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அது அந்தந்த நிறுவனத்தின் நிபந்தனைகளையும், இரக்கத்தையும் பொறுத்தது. அதனால் அந்தப் பகுதியை உரிமை என்று அடித்துக் கேட்காமல், கோரிக்கையாக எழுதணும்.

நடுவில் நிற்பது ஜி.எஸ்.டி. அது கட்டணத்தின் மேல் போட்ட வரி. கட்டணம் திரும்பி வந்தால் அதுவும் கூடவே வரணும். கட்டணத்தை நிறுவனம் பிடித்துக்கொண்டால், அதற்கான ஜி.எஸ்.டி-யையும் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். அதனால் அதைத் தனி வரியாகக் கேட்பது நல்லது. புக்கிங் தளத்தின் 600 ரூபாய் சேவைக் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது. அதைக் கேட்டு கடிதத்தைப் பலவீனமாக்க வேண்டாம்.

எந்தச் சான்றிதழ், எங்கே வாங்கணும்?

முதல் ஆவணம் இறப்புச் சான்றிதழ். இதில் நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. இறந்தவர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பார்த்து இறப்பைப் பதிவு செய்வதில்லை. எந்த இடத்தில் இறந்தார் என்பதைப் பார்த்துத்தான் பதிவு செய்வார்கள். அப்பா திருவேங்கடத்தில் வீட்டிலேயே தவறியிருந்தால் பேரூராட்சி அலுவலகம். சுற்றியுள்ள கிராமம் என்றால் கிராம நிர்வாக அலுவலர். ஆனால், நம் உதாரணத்தில் அவர் இறந்தது பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில். ஆஸ்பத்திரிதான் அந்தப் பகுதிப் பதிவாளருக்குத் தகவல் அனுப்பும். சான்றிதழும் அங்கிருந்துதான் வரும். எரியூட்டியது ஊரில் என்பதற்காக திருவேங்கடத்தில் போய் எத்தனை முறை கேட்டாலும் கிடைக்காது.

இறந்த 21 நாள்களுக்குள் பதிவு செய்துவிட்டால் தாமதக் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியை விட்டு வரும்போதே, அங்கே எழுதும் படிவத்தில் பெயர், வயது, அப்பா பெயர், முகவரி எல்லாம் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று ஒருவர் பார்த்துவிடுங்கள். அந்தப் பதற்றத்தில் யாரோ வாயால் சொன்ன பெயரை எழுதிவிட்டு, பின்னால் திருத்த அலைவது பெரிய வேலை. தமிழ்நாட்டில் பதிவான சான்றிதழ்களை crstn.org தளத்தில் டவுன்லோடு செய்யலாம்.

சான்றிதழில் மரணத்துக்கான காரணம் இருக்காது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ன்படி அதை வெளியிடக் கூடாது. எனவே, “என்ன நோய்ன்னு தெரியலையே, ரிப்போர்ட் வேணுமா?” என்று கவலைப்பட்டு முழு மருத்துவக் கோப்பையும் மெயிலில் அனுப்ப வேண்டியதில்லை. நிறுவனம் தெரிந்துகொள்ள வேண்டியது யார், எப்போது இறந்தார் என்பதுதான்.

சான்றிதழ் கைக்கு வர நாளாகும் என்றால் அதற்காகக் கடிதத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ஆஸ்பத்திரி கொடுத்த இறப்பு அறிக்கையையோ, மயான ரசீதையோ இணைத்து முதல் மெயிலை அனுப்பிவிடுங்கள். “இறப்புச் சான்றிதழ் கிடைத்தவுடன் இதே மெயிலில் அனுப்புகிறேன்” என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் போட்டோவை மட்டும் அனுப்புகிறவர்கள் உண்டு. அதில் படமும் தேதியும் இருந்தாலும், அது யார் வேண்டுமானாலும் அச்சடிக்கக்கூடியது என்பதால் ஆவணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

“உங்க அப்பாதான்னு எப்படித் தெரியும்?”

ரெண்டாவது ஆவணம், இறந்தவருக்கும் டிக்கெட்டில் இருப்பவருக்கும் என்ன உறவு என்று காட்டுவது. கோரிக்கைகள் இழுத்துக்கொண்டே போவது பெரும்பாலும் இங்கேதான்.

நமக்கு உடனே ஞாபகம் வருவது ரேஷன் கார்டு. அப்பா, அம்மா, கல்யாணமாகாத பிள்ளைகள் என்றால் அது போதும். பெயர்கள் ஒரே கார்டில் இருக்கும். ஆனால், நம் உதாரணப் பெண்ணுக்கு அது உதவாது. கல்யாணமானதும் பெயரை அப்பா வீட்டுக் கார்டிலிருந்து நீக்கி, கணவர் வீட்டுக் கார்டில் சேர்த்துவிட்டார்கள். ஆதாரிலும் இப்போது கணவர் பெயர்தான். அப்பாவின் மகள் என்று காட்ட இன்றைய அடையாள அட்டை எதிலும் ஒரு வரி இல்லை!

அவருக்குப் பழைய ஆவணங்கள்தான் கைகொடுக்கும். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கும். பள்ளி மாற்றுச் சான்றிதழில் இருக்கும். பாஸ்போர்ட் இருந்தால், அதன் கடைசிப் பக்கத்தில் பெற்றோர் பெயர் அச்சாகியிருக்கும். இதில் ஏதாவது ஒன்று போதும். கணவரின் டிக்கெட்டுக்கும் சேர்த்துக் கேட்பதால், ரெண்டு பேரும் தம்பதி என்று காட்ட திருமணப் பதிவுச் சான்றிதழையோ, இப்போதைய ரேஷன் கார்டையோ இணைக்கணும். ரெண்டு பேரும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால் வேலை இன்னும் சுலபம்.

அடுத்து, இனிஷியல் தகராறு. மாரியப்பன் என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். இறப்புச் சான்றிதழில் ‘சு. மாரியப்பன்’ என்று இருக்கும். மகளின் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, ‘சுப்பையா மாரியப்பன்’ என்று இருக்கும். பள்ளிச் சான்றிதழில் ஆங்கில எழுத்தில் ஒரு ‘ஒய்’ கூடுதலாக நுழைந்திருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள் என்று பார்த்ததும் தெரியும். இனிஷியல் வழக்கமே இல்லாத ஊரில் உட்கார்ந்து ஃபைலைப் பார்க்கிறவருக்கு மூன்று பேர் மாதிரித் தெரியும். அவர் கேள்வி கேட்டு, நீங்கள் பதில் அனுப்பி, மறுபடி அவர் பார்ப்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும். அதனால் கேட்பதற்கு முன்பே கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்: “இந்த மூன்று பெயர்களும் என் தந்தையையே குறிக்கும், முன்னால் உள்ள எழுத்து அவர் தந்தையின் பெயரின் முதலெழுத்து.”

எந்த உறவுவரை ஏற்பார்கள் என்பதும் நிறுவனத்தைப் பொறுத்தது. அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்றால் பொதுவாகப் பிரச்னை இல்லை. தாத்தா, பாட்டி, மாமனார், மாமியார் விஷயத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம் உண்டு. பெரியப்பா, சித்தி, தாய்மாமா ஆகியோரைப் பல இடங்களில் ‘நெருங்கிய குடும்பம்’ என்று எடுத்துக்கொள்வதில்லை. உங்களைத் தூக்கி வளர்த்தவர் பெரியப்பாவாகவே இருக்கலாம். அப்போதும் ‘அப்பா’ என்று எழுதிவிடாதீர்கள். சான்றிதழோடு பொருந்தாமல் போனால் பொய்க் கோரிக்கை ஆகிவிடும். “என் தந்தையின் அண்ணன், என்னை வளர்த்தவர்” என்று உள்ளதை எழுதிக் கேளுங்கள். மறுத்தாலும் அந்த விமான நிலையக் கட்டணம் உங்களுக்கு வந்தே ஆகணும்.

ஆதாரை இணைக்க வேண்டியிருந்தால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ‘மாஸ்க்டு ஆதார்’ போதும். அதை ஆதார் தளத்திலேயே டவுன்லோடு செய்யலாம்.

கடிதம் இப்படி இருக்கட்டும்

நீளமாக எழுத வேண்டாம். கடைசி நாள்களில் அப்பா பட்ட கஷ்டத்தையெல்லாம் எழுதத் தோன்றும்; அது நியாயம்தான். ஆனால், ஃபைலைப் பார்ப்பவர் தேடுவது தேதி, எண், தொகை, ஆவணம் ஆகிய நான்கைத்தான். துக்கத்தைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நம் உதாரணப் பெண்ணின் கடிதம் இது. நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் அனுப்புவதாக இருந்தாலும் இதே வரிசையில் எழுதலாம்.

> பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
>
> பொருள்: தந்தையின் மறைவால் ரத்து செய்த பயணம் – பணத்தைத் திரும்பக் கோருதல் – பி.என்.ஆர் எண் ........
>
> ஐயா/அம்மா,
>
> ஜூன் 14 அன்று பெங்களூரிலிருந்து டெல்லி செல்லும் விமானத்தில் (எண் ........) எனக்கும் என் கணவருக்கும் மேற்கண்ட எண்ணில் முன்பதிவு செய்திருந்தேன். ஜூன் 11 இரவு என் தந்தை காலமானார். இறுதிச் சடங்குகளுக்காகச் சொந்த ஊரில் இருக்க வேண்டியிருந்ததால், ஜூன் 12 மதியம் 1.40 மணிக்கு இரண்டு டிக்கெட்டுகளையும் ரத்து செய்தேன். திரும்பக் கிடைக்கும் தொகை பூஜ்யம் என்று உங்கள் ஆப் காட்டியது.
>
> 1. பயணம் செய்யாததால், விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணமும் பாதுகாப்புக் கட்டணமும் சேர்ந்த ரூ.1,420-ஐ (இருவருக்கும்), டிக்கெட் பணம் திரும்பத் தருவது குறித்த டி.ஜி.சி.ஏ விதிப்படி திருப்பித் தரவும்.
>
> 2. தந்தையின் மறைவைக் கருத்தில் கொண்டு, ரத்து அபராதத்தைத் தள்ளுபடி செய்து, அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த ரூ.11,600-ஐத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> 3. மேற்கண்ட கட்டணத்துக்கான ஜி.எஸ்.டி ரூ.580-ஐயும் திருப்பித் தரவும்.
>
> தொகையை நான் பணம் செலுத்திய அதே கார்டுக்கு அனுப்பவும். கிரெடிட் ஷெல் எனக்கு வேண்டாம். கோரிக்கை 2-ஐ ஏற்க முடியாவிட்டால், பிடித்தம் செய்த தொகையைக் குறிப்பிட்டு எழுத்துபூர்வமாகப் பதில் தரவும்.
>
> இறப்புச் சான்றிதழிலும் என் பாஸ்போர்ட்டிலும் தந்தையின் பெயர் சற்று மாறுபட்டு எழுதப்பட்டுள்ளது. இரண்டும் ஒருவரையே குறிக்கும்.
>
> இணைப்பு: இறப்புச் சான்றிதழ், என் பாஸ்போர்ட்டின் முதல் மற்றும் கடைசிப் பக்கங்கள், திருமணப் பதிவுச் சான்றிதழ், டிக்கெட், ரத்து செய்த ஸ்கிரீன்ஷாட்.
>
> இப்படிக்கு,
> (டிக்கெட்டில் உள்ளபடி பெயர், மொபைல் எண்)

முதல் கோரிக்கையில் ‘தரவும்’ என்றும், ரெண்டாவதில் ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்றும் இருப்பதைக் கவனித்தீர்களா? ரெண்டாவதற்கு ‘முடியாது’ என்று பதில் வந்தாலும், முதலாவதற்குத் தனியாகப் பதில் சொல்லியே ஆக வேண்டும். எண் போட்டுப் பிரித்ததன் பலன் அதுதான்.

‘பிடித்தம் செய்த தொகையைக் குறிப்பிட்டுப் பதில்’ கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. டிக்கெட் போடும்போது சில நூறு ரூபாய்க்குப் பயணக் காப்பீட்டை டிக் செய்திருக்கலாம். பலருக்கு அது ஞாபகமே இருக்காது. குடும்பத்தில் மரணத்தால் பயணம் ரத்தானால் இழப்பீடு தரும் பாலிசிகள் உண்டு. அந்தக் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது, விமான நிறுவனம் எவ்வளவு பிடித்தது என்பதற்கான ஆதாரத்தைத்தான்.

இணைப்புகளை வாட்ஸ்அப்பில் வந்த போட்டோக்களாக, ‘IMG’ என்று தொடங்கும் பெயர்களோடு அப்படியே அனுப்பாதீர்கள். பி.டி.எஃப் ஆக மாற்றி, கடிதத்தில் சொன்ன அதே வரிசையில் பெயர் வையுங்கள்:

```
1_Death_Certificate.pdf
2_Passport.pdf
3_Marriage_Certificate.pdf
4_Ticket.pdf
5_Cancellation.pdf
```

டிக்கெட் ஏஜென்ட் மூலம் போட்டதா?

சங்கரன்கோவிலில் தெரிந்த டிராவல்ஸில் போட்டிருந்தாலும், ஏதாவது ஆப் வழியாகப் போட்டிருந்தாலும், பணம் போன வழியேதான் திரும்பி வரும். நிறுவனம் ஏஜென்ட்டுக்கு அனுப்பும். ஏஜென்ட் உங்களுக்குத் தரணும். “அவங்களைக் கேளுங்க” என்று நிறுவனமும், “ஏர்லைன்ஸ் இன்னும் தரல” என்று ஏஜென்ட்டும் மாறி மாறிச் சொல்வது இந்த இடத்தில்தான். ஏஜென்ட் என்பவர் விமான நிறுவனம் நியமித்த பிரதிநிதி. அதனால் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு நிறுவனத்துடையது என்று டி.ஜி.சி.ஏ விதி சொல்கிறது. எனவே கடிதத்தை நிறுவனத்துக்கு அனுப்பி, அதே மெயிலில் ஏஜென்ட்டையும் சேர்த்துவிடுங்கள். ரெண்டு பேரும் ஒருவர் பதிலை ஒருவர் பார்ப்பார்கள்.

கிரெடிட் கார்டில் நேரடியாகக் கட்டியிருந்தால், கேன்சல் செய்த 7 நாள்களுக்குள் பணம் திரும்பணும் என்பது விதி. ஏஜென்ட் வழியே என்றால் கூடுதல் அவகாசம் உண்டு. இந்தக் கெடுக்களும் மற்ற நிபந்தனைகளும் அவ்வப்போது திருத்தப்படுபவை. அதனால் கடிதம் அனுப்பும் அன்று டி.ஜி.சி.ஏ தளத்தில் நடப்பு விதியை ஒரு முறை பார்த்துவிடுங்கள். வெளிநாட்டு நிறுவனம் என்றால் அவர்கள் நாட்டு விதிமுறையும் உள்ளே வரும்.

டிக்கெட்காரரே இறந்துவிட்டால்?

இது வேறு கணக்கு. பயணம் செய்ய வேண்டியவரே இல்லை என்பதால், இங்கே உறவை நிரூபிப்பதைவிட, பணத்தை யார் வாங்கிக்கொள்வது என்பதுதான் கேள்வி. அப்பாவின் டிக்கெட்டை மகன் தன் கார்டில் போட்டிருந்தால் சுலபம். இறப்புச் சான்றிதழை வைத்து, அதே கார்டுக்குத் திருப்பிக் கேட்கலாம். அப்பா தன் கணக்கிலிருந்தே கட்டியிருந்து, அந்தக் கணக்கையும் முடித்துவிட்டால், வேறு கணக்குக்கு அனுப்ப நிறுவனம் வாரிசு சான்றிதழ் கேட்கலாம். அதைத் தருபவர் தாசில்தார். இ-சேவை மையம் மூலம் விண்ணப்பிக்கலாம்; விசாரணை முடிந்து வர நாளாகும். கணக்கை முடிப்பதற்கு முன்பே பணத்தைக் கேட்டுவிட்டால் இந்த அலைச்சல் மிச்சம்.

பதில் வரவில்லை என்றால்...

ஒவ்வொரு நிறுவனத்தின் தளத்திலும் நோடல் அதிகாரி, அதற்கு மேல் மேல்முறையீட்டு அதிகாரி என்று ரெண்டு மெயில் முகவரிகள் இருக்கும். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லாவிட்டாலோ, உரிமைத் தொகையையும் மறுத்தாலோ, அதே மெயிலை அந்த வரிசையில் மேலே அனுப்புங்கள். அடுத்து, மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ‘ஏர்சேவா’ (airsewa.gov.in). 2016-ல் தொடங்கிய இந்தத் தளத்தில் புகாரைப் பதிந்து ஆவணங்களை ஏற்றினால், அது நிறுவனத்துக்குப் போய், என்ன நிலையில் இருக்கிறது என்பதைப் பார்க்க முடியும்.

அதற்கும் மேல், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் பகுதிக்கான ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2 ஆண்டுகளுக்குள் போடணும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் தாக்கல் கட்டணம் இல்லை. ஆனால், எதற்காகப் போகிறோம் என்பதில் தெளிவாக இருங்கள். விமான நிலையக் கட்டணத்தைத் தர மறுத்தார்கள், வாக்குக் கொடுத்துவிட்டு மாறினார்கள் என்றால் உங்கள் பக்கம் பலம் உண்டு. இரக்கம் காட்டவில்லை என்பதற்காக மட்டும் போனால் ஜெயிப்பது கஷ்டம்.

வாக்குக் கொடுத்து மாறியதற்குக் கனடாவில் ஒரு வழக்கே உண்டு. 2022 நவம்பரில் பாட்டி இறந்ததால் வான்கூவரிலிருந்து டொரன்டோ போன ஒருவர், துக்கத்துக்கான சலுகையைப் பயணம் முடிந்த பிறகும் கேட்கலாம் என்று ஏர் கனடாவின் இணையதளத்தில் கிடைத்த பதிலை நம்பி டிக்கெட் எடுத்தார். பிறகு, ‘பயணத்துக்கு முன்பே கேட்டிருக்கணும்’ என்று நிறுவனம் மறுத்துவிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம், தன் தளத்தில் வரும் தகவலுக்கு நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, 2024 பிப்ரவரியில் அவருக்கு 650.88 கனடா டாலர் இழப்பீடும், வட்டியும், செலவும் தரச் சொன்னது. அவரிடம் இருந்த முக்கிய ஆதாரம், அந்தப் பதிலை எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்கிரீன்ஷாட். நம் ஊரில் போனில் யாராவது “திரும்ப வந்துடும் மேடம்” என்று சொன்னாலும் அப்படியே விடாதீர்கள். “இன்று இத்தனை மணிக்கு நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்” என்று அன்றைக்கே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை

கோபத்தில் எக்ஸ் தளத்தில் பி.என்.ஆரோடு பதிவு போட்டால், நிறுவனத்தின் பெயரிலேயே போலிக் கணக்குகள் வந்து, “உங்கள் நம்பரைக் கொடுங்கள், ரீஃபண்ட் லிங்க் அனுப்புகிறோம்” என்று சொல்லும். துக்கத்தில் இருப்பவர் யோசிக்க மாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். பணம் திரும்பி வர ஓ.டி.பி-யோ, கார்டின் பின்னால் இருக்கும் மூன்று இலக்கமோ, ஸ்கிரீன் ஷேர் ஆப்போ எதுவும் தேவையில்லை. கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

நம் உதாரணப் பெண் இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஊரில் இருக்கும்போதே அப்பாவின் பீரோவைத் திறந்து, தன் பிறப்புச் சான்றிதழையோ பள்ளி மாற்றுச் சான்றிதழையோ தேடி எடுத்து, போனில் ஸ்கேன் செய்துகொள்வது. பெங்களூர் திரும்பிய பிறகு ஞாபகம் வந்தால், அதற்காக இன்னொரு தடவை ஊருக்கு வர வேண்டியிருக்கும்.